கமிஷனர் கடித்தவர்கள்

கண்காணிப்பாளரின் வலது தொடையைக் கமிஷனர் கவ்வியது காலை பதினொன்று பத்துக்கு. விட்டது பதினொன்று பன்னிரண்டுக்கு. அந்த இரண்டு நிமிடமும் குடையம்மா எட்டடி தள்ளி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது கண் தெரியாது, காது கேட்காது என்று அலுவலகமே நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கமிஷனர் என்பது வாத்து. நல்ல உயரம், வெள்ளை நிறம், நீண்ட கழுத்து. ஒவ்வொரு மேசை முன்னாலும் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, திருப்தியில்லாமல் அடுத்த மேசைக்குப் போகும் அதன் தோரணையைக் கண்டு முதல் நாளே யாரோ வைத்த பெயர். அது குடையம்மாவின் துணையுயிர். அதாவது, சடங்கு செய்து வரவழைத்த ஓர் ஆவி. வாத்தின் உடம்பில் வந்து, தன் எஜமானோடு உணர்வால் கட்டுப்பட்டிருப்பது.

அலுவலகம், காணாமற்போன பொருள் காப்பகம். பேருந்திலும் ரயிலிலும் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிறவை எல்லாம் இங்கே வந்து சேரும். குடைப் பிரிவு, செருப்புப் பிரிவு, பல்செட் பிரிவு என்று ஆறு பிரிவுகள். குடையம்மா குடைப் பிரிவில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டாள். கறுப்புக் குடை நாலாயிரத்துச் சொச்சம். "கறுப்புக் குடைங்க, கைப்பிடி வளைஞ்சிருக்கும்" என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவள் சொந்தப் பெயரே ஆவணத்தில் மட்டும்தான் மிச்சம்.

தலைமைத் தேடுநர் பதவி இப்போது காலி. அதற்குப் போகவேண்டுமானால் துணையுயிர் இருந்தாக வேண்டும். தலைமைத் தேடுநர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் எலியை அலமாரிக்கு அடியிலோ காக்கையைப் பரணுக்கு மேலோ அனுப்பி, அதன் கண்ணால் பார்ப்பார், அதன் காதால் கேட்பார். நூறடிக்குள் இருந்தால் பார்வை கிடைக்கும். பார்க்கிற நேரத்தில் எஜமானின் சொந்தக் கண்ணும் சொந்தக் காதும் அடைந்துபோகும். அதனால்தான் படியில் நின்றுகொண்டோ, அடுப்பு எரியும்போதோ பார்க்கக் கூடாது என்று கையேட்டில் சிவப்பு மையில் போட்டிருக்கிறது.

குடையம்மாவின் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கமிஷனரின் கண்ணால் அவளுக்கு இதுவரை ஒரு மண்ணும் தெரிந்ததில்லை.

மூன்று நாளில் தெரிய ஆரம்பிக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் கண்காணிப்பாளர், "என்னம்மா, தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது சார். கொஞ்சம் மங்கலா" என்று சொல்லிவிட்டாள்.

அன்று முதல் தினமும் பதினொரு மணிக்குக் கண்ணை நிலைகுத்த வைத்துக்கொண்டு கால் மணி நேரம் செவிட்டு முண்டம் மாதிரி உட்காரவேண்டியதாயிற்று. எதிரில் இருப்பவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் மனிதர்கள் எவ்வளவு தாராளமாகிவிடுகிறார்கள் என்பதை அவள் அப்போதுதான் கற்றாள்.

அன்றைக்குக் கண்காணிப்பாளர் பல்செட் பிரிவு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தம்மா வீட்டுக்காரரைப் பார்த்திருக்கீங்களா? நேத்து வழியில பார்த்து 'சௌக்கியமா'ன்னு கேட்டேன். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் 'ம்'னு பதில் சொல்லியிருப்பார்னு நினைக்கிறேன். நம்ம காப்பகத்துலேயே சேர்த்துக்கலாம். யாரும் தேடி வராத பொருள்னு சீட்டு ஒட்டி."

குடையம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உண்மைதானே! உதட்டைக் கடித்து அடக்கினாள். அந்த நொடிதான் கமிஷனர் மேசைக்கு அடியிலிருந்து புறப்பட்டது.

கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்த கண்காணிப்பாளர் உட்காராமல் பேசினார். இனி ஒரு வாரத்துக்கு அவர் எப்படியும் உட்காரப் போவதில்லை.

"துணையுயிர் தானாக் கடிக்காது. எஜமான் சொன்னாக் கடிக்கும். இல்லேன்னா எஜமான் மனசுல அடக்கி வச்சிருக்கிற கோபம் வழிஞ்சு அதுக்குள்ள போனாக் கடிக்கும். கையேடு, பதினாலாவது விதி. இதுல எதும்மா?"

"சத்தியமா எனக்குக் கோபமே இல்ல சார்."

"பதினஞ்சு நாள்ல பரீட்சை. அதுக்குள்ள இதை வழிக்குக் கொண்டுவரணும். தேறலைன்னா நீங்க குடைக் கிடங்குக்குப் போகணும், ஓய்வு பெறுற வரைக்கும். இதைக் கலைச்சு அனுப்பிடுவோம்."

குடைக் கிடங்கு என்பது பிரிவு அல்ல. பிரிவில் பத்து வருடம் கிடந்தும் யாரும் கேட்காத குடைகளைப் போட்டுவைக்கும் நிலவறை. அங்கே ஜன்னல் கிடையாது. பேச்சுத்துணைக்குக் கம்பி உடைந்த குடைகள்தான்.

வீடு தூரமில்லை. அலுவலகத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஊழியர் குடியிருப்பு. அதில் முதல் வீடு. கூடத்தில் அவள் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் வழக்கம்போல் சாய்ந்திருந்தார். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்றவர். எல்லைக் கோடு வரைகிற வேலையில் பேச்சு அதிகம் தேவைப்படாது, அதுவே பழகிப்போய்விட்டது. 'சரி', 'பார்க்கலாம்' என்று இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திவிட்டார்.

"ஏங்க! ஏங்க, உங்களைத்தான்!"

பதில் இல்லை. கண் திறந்துதான் இருந்தது.

"சுவத்துக்கிட்டப் பேசினாக்கூட எதிரொலியாவது வரும்" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். இருபத்திரண்டு வருடமாகப் பழகிய செவிடு. ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் முற்றியிருந்தது, அவ்வளவுதான்.

உள்ளறையில் தம்பி. முப்பத்திரண்டு வயது. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து எட்டு மாதம் ஆகிறது. கணினி விளையாட்டில் எழுபதாம் நிலைக்கு ஏறிவிட்டான். அந்த உயரத்திலிருந்து இறங்கி வேலை தேட அவனுக்கு மனம் ஒப்பவில்லை.

நடந்ததைக் கேட்டதும் கன்ட்ரோலரைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னான். "அக்கா, அடிப்படையே தப்பு. மந்திரவாதியோட துணையுயிர் வேற, வேட்டைக்காரனோட துணைவிலங்கு வேற. ஓநாய், கரடி எல்லாம் துணைவிலங்கு. நிஜ விலங்கு. பழக்கி எடுத்தது. நம்மகூட நின்னு சண்டை போடும், நம்மகூடவே நிலை ஏறும், செத்தா அழணும். துணையுயிர் ஆவி. வேவு பார்க்கும், நம்ம மந்திரத்தைத் தொட்டு இன்னொருத்தன்மேல ஏத்தும். செத்தாப் புகையாப் போயிடும். மறுபடி சடங்கு செஞ்சா அதே ஆசாமி திரும்பி வந்து நிப்பான். ஆனா சண்டை மட்டும் போடாது. விளையாட்டுல அதுக்குத் தாக்குற பொத்தானே கிடையாது."

"இதுக்கு இருக்குதேடா!"

"அப்போ பிணைப்பு பலமில்ல. நீ சடங்கைச் சரியாச் செஞ்சியா?"

செய்தாள். ஒரு மணி பத்து நிமிடம். பித்தளைச் சட்டியில் கரி, சாம்பிராணி, உலர்ந்த மூலிகை. புகை அவளுக்கு ஆகாது. ஜன்னலோரம் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு மந்திரத்தைப் படித்தாள். வீட்டுக்காரர் சட்டி முன்னால் உட்கார்ந்து, புகை முழுவதையும் வாங்கிக்கொண்டு, கரி போட்டு விசிறினார். அவள் கேட்டது ஆந்தை. புகை விலகியபோது நின்றது வாத்து. கேட்ட வடிவம் வராவிட்டால் எஜமானின் சுபாவத்துக்கு ஒத்த வடிவம் வரும் என்று கையேடு சொன்னது. "அப்போ நான் வாத்தா?" என்று குடையம்மா கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு" என்றார் வீட்டுக்காரர். அந்த வருடத்தில் அவர் பேசியதில் அதுதான் நீளமான வாக்கியம்.

பிணைப்பைப் பலப்படுத்த வழி கையேட்டின் முன்னுரையில் இருந்தது. பழங்காலத்தில் சூனியக்காரக் கிழவிகள் தேரையைக் கம்பளி போட்ட பானையில் வைத்து, பாலும், விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தமும் கொடுத்து வளர்த்தார்களாம். குடையம்மா ஊசியால் விரலைக் குத்தி, பாலில் ஒரு சொட்டு விட்டு நீட்டினாள்.

கமிஷனர் பார்த்தது. முகர்ந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தது. பிறகு கூடத்துக்குப் போய் வீட்டுக்காரர் தட்டில் மிச்சம் வைத்திருந்த ரொட்டியைத் தின்றது.

"திமிரு" என்றான் தம்பி. "நான் மாமா நாற்காலியில உக்காந்து கவனிக்கிறேன். எப்படிப் பழக்கணும்னு எனக்குத் தெரியும்."

வீட்டுக்காரர் தட்டைக் கழுவ எழுந்து போயிருந்தார். தம்பி சாய்வு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்து, "இங்க வாடா!" என்றான். அடுத்த நொடி அவன் கெண்டைக்கால் கமிஷனரின் அலகில் இருந்தது.

"அக்கா! அக்கா! விடச் சொல்லு!"

வலி பொறுக்காமல் கையில் இருந்த கன்ட்ரோலரை வீசினான். அது கமிஷனரின் மண்டையில் 'ணங்' என்று விழுந்தது. அதே சமயம் சமையலறையில் தட்டு ஒன்று விழுந்து உருண்டது.

"அங்க என்னத்தைப் போட்டு உடைக்கிறீங்க? இங்க ஒரு உசுரு போகுது!" என்று குடையம்மா கத்தினாள்.

அப்போதுதான் அவளுக்குப் புதிய கவலை வந்தது. கையேட்டில் இன்னொரு கதை இருக்கிறது. வேட்டைக்காரன் ஒரு முயலைக் காலில் சுட்டானாம். மறுநாள் காலை ஊரில் ஒரு கிழவி நொண்டினாளாம். துணையுயிருக்குப் படும் அடி எஜமான் உடம்பில் தெரியும். கமிஷனரின் மண்டையில் புடைப்பு நன்றாகவே தெரிந்தது. நாளைக்கு அலுவலகத்தில் யாராவது பார்த்தால்? அவள் கண்ணாடி முன் நின்று நெற்றியைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. பின்னால் வீட்டுக்காரர் தலையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை நீல மையையும் உதட்டுச்சாயத்தையும் குழைத்து நெற்றியில் ஒரு கன்றிப்போன காயம் வரைந்தாள். அழகாக அமைந்தது. அதற்கடுத்த நாளும் வரைந்தாள்.

கண்காணிப்பாளர் நின்றவாக்கிலேயே உற்றுப் பார்த்தார். "நேத்து காயம் வலது பக்கம் இருந்ததா ஞாபகம்."

"ஆறிக்கிட்டு வருது சார்."

"நகர்ந்துக்கிட்டு வருதுன்னு சொல்லுங்க" என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை குடையம்மா ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, கமிஷனர் யாரைக் கடித்தது, எதற்காக என்று எழுதினாள். முதல் பெயர் கண்காணிப்பாளர்: என் வீட்டுக்காரரைக் கேலி செய்தார். இரண்டாவது தம்பி: என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தான். பதினாலாவது விதியை நாலு தரம் படித்தாள். எஜமான் மனசில் அடக்கி வைத்த கோபம்.

தனக்குக் கோபம் இல்லை என்று அல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்! மனசு என்பது எத்தனை அடுக்கு கொண்டது! மேலடுக்கில் சிரிப்பு வருகிறது. அடியில் எங்கேயோ கொதிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த அடியடுக்கை வாத்து எழுதிக் காட்டுகிறது. செல்லத்தம்பி என்று தூக்கி வளர்த்தவன்மேல் எனக்கு இவ்வளவு எரிச்சலா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அத்தாட்சி அலகு பதிந்து கெண்டைக்காலில் இருக்கிறது.

அடக்கினால்தானே வழியும்? கொட்டிவிட்டால்? அவள் தம்பியின் அறைக்குப் போனாள்.

"தம்பி, மூட்டையைக் கட்டு."

"என்னக்கா, விளையாடுறியா?"

"நீதான்டா எட்டு மாசமா விளையாடுற. எனக்கு உன்மேல பயங்கரக் கோபம். எனக்கே இப்பதான் தெரிஞ்சது."

"யாரு சொன்னா?"

"வாத்து."

தம்பி கணினியைக் கட்டிக்கொண்டு சிநேகிதன் அறைக்குப் போய்விட்டான். போகும்போது, "எழுபதாம் நிலைக்காரனை ஒரு வாத்து பேச்சைக் கேட்டுத் துரத்துற. நல்லாயிரு" என்று ஆசீர்வதித்தான்.

அதன் பலன் உடனே தெரிந்தது. கமிஷனர் மூன்று நாள் யாரையும் கடிக்கவில்லை. இறக்கையை விரித்துக்கொண்டு கூடத்தில் சுற்றிச் சுற்றி ஓடியது. பாத்திரம் கழுவிக்கொண்டே வீட்டுக்காரர் சீட்டியடித்தார். குடையம்மாவுக்கு மனம் லேசானது போல்தான் இருந்தது. வாத்தின் சந்தோஷமே ஆதாரம்.

உற்சாகத்தில் அடுத்ததையும் செய்தாள். நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கொட்டணும். எனக்கு உங்க மேல அடிமனசுல கோபம் இருக்கு."

"என்ன கோபம்?"

"என் வீட்டுக்காரரை யாரும் தேடி வராத பொருள்னு சொன்னீங்க."

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். "நான் அதைச் சொன்னப்போ நீங்க வாத்துக் கண்ணால பார்த்துக்கிட்டிருந்தீங்க. உங்க காது அடைச்சிருந்திருக்கணுமே அம்மா."

குடையம்மா சமாளித்தாள். "வாத்து காதால கேட்டேன் சார்."

"அப்போ அது பின்கட்டுல செருப்பு மூட்டைமேல இருந்தது. அங்கிருந்துதான் ஓடி வந்து கடிச்சது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பார்த்தபடியேதான் நின்னேன், ஆனா தப்பிக்க முடியல."

அது பொய். மேசைக்கு அடியிலிருந்துதான் வந்தது. ஆனால் அதை மறுத்தால் தன் சொந்தக் கண்ணால் பார்த்ததாகிவிடும். அவள் மறுக்கவில்லை.

"பரீட்சையை நாளன்னிக்கு வச்சிடலாம்" என்றார் கண்காணிப்பாளர் மலர்ச்சியோடு. "தலைமையகத்துல. பரிசோதகருக்கு நானே கடிதம் எழுதுறேன். காயத்தைப் பத்தியும் ஒரு வரி போடுறேன்."

பத்து நாள் இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த குடையம்மா கைப்பையைத் தூக்கி எறிந்தாள். வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் கண்ணைத் திறந்துகொண்டு செவிடாக இருந்தார்.

"இப்படியே உக்காந்திருங்க! பொண்டாட்டி நிலவறையில குடைகூடக் குடித்தனம் நடத்தப்போறா. ஒரு வார்த்தை? ஒரு 'ஐயோ'? உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கோட்டுப்படத்தைக் கட்டியிருந்தா மடிச்சாவது வச்சிருக்கலாம்!"

வலது குதிகாலில் சுரீர் என்றது. குனிந்து பார்த்தாள். கமிஷனர்.

குடையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எஜமானையே துணையுயிர் கடித்ததாகக் கையேட்டில் எங்கேயும் இல்லை. இருந்தாலும் விதி விதிதான். மனசில் அடக்கி வைத்த கோபம். அப்படியானால் எனக்கு என்மேலேயே கோபமா?

வெகுநேரம் யோசித்தாள். தாளை எடுத்து மூன்றாவது பெயராகத் தன் பெயரை எழுதினாள். எதற்காக? என் வீட்டுக்காரரைத் திட்டினேன்.

மூன்று வரியையும் மேலிருந்து கீழாகப் படித்தாள். வலது பக்கத்தில் மூன்று தடவையும் ஒரே ஆள்தான் இருந்தார்.

சந்தேகத்துக்கு ஒரு சோதனை செய்துபார்த்தாள். கமிஷனரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "என் வீட்டுக்காரர் நல்லாப் பாத்திரம் கழுவுவார்."

கமிஷனரின் கழுத்து நிமிர்ந்தது.

"அவர் போட்ட கோட்டை இதுவரைக்கும் யாரும் தப்புன்னு சொன்னதில்ல."

கமிஷனர் வந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

குடையம்மாவின் கண் நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம்! இந்த மனுஷன்மேல் அடிமனசில் இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு மேலடுக்கால் தினமும் திட்டியிருக்கிறாள். யாராவது ஒரு சொல் சொன்னால் ஓடிப்போய்த் தொடையைக் கவ்வுகிற அளவுக்கு ஆசை. இது தெரியாமலே நிலவறைக்குப் போயிருப்பாளே!

வீட்டுக்காரர் கண்ணைச் சிமிட்டி நிமிர்ந்தார். அவள் எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவர் அவளையும் கமிஷனரையும் மாறி மாறிப் பார்த்தார். காது மடல் சிவந்தது. "பார்க்கலாம்" என்றார்.

அடுத்த நாள் முழுவதும் குடையம்மா அவருக்குப் பிடித்ததாகச் சமைத்தாள். திட்டவே இல்லை. கமிஷனர் பறக்காத குறை. பரீட்சை என்று ஒன்று இருப்பதே மாலையில்தான் நினைவுக்கு வந்தது. அப்போதும் அதன் கண்ணால் ஒரு மண்ணும் தெரியவில்லை.

தலைமையகத்துக்கு வீட்டுக்காரர்தான் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரை நடைகூடத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். பரிசோதகர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். தோளில் ஒரு பல்லி, அவருடைய துணையுயிர். பக்கத்தில் கண்காணிப்பாளர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க இந்தத் திரைக்குப் பின்னால உக்காருங்க. வாத்து அந்தக் கோடியில, அறுபதடி தூரத்துல இருக்கும். என் உதவியாளர் அதுக்கு அஞ்சு அட்டை காட்டுவாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு பொருள் வரைஞ்சிருக்கும். பார்த்து முடிச்சதும் சொல்லுங்க. மூணு சரியா இருந்தாப் போதும்."

திரை விழுந்தது. குடையம்மா கண்ணை நிலைகுத்த வைத்தாள். மூச்சை இழுத்தாள், விட்டாள். தெரிந்ததெல்லாம் திரையின் பழுப்பு நிறம். மணி ஐந்து தரம் அடித்தது.

"சொல்லுங்கம்மா. முதல் அட்டை?"

பத்தொன்பது வருடத்து வாய் தானாகச் சொல்லிவிட்டது. "குடை."

"ரெண்டாவது?"

"குடைதான்."

"மூணாவது?"

அவள் திரையை விலக்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஐயா, போதும். எனக்கு எதுவும் தெரியல. முதல் நாள்லேருந்தே தெரியல. தெரியுதுன்னு சொன்னது பொய், நெத்திக் காயம் மை."

"நான் எழுதியிருந்தேனே" என்றார் கண்காணிப்பாளர்.

"என்னை நிலவறைக்கு அனுப்புங்க. குடைகூட இருந்துக்கிறேன், அதுக எனக்குப் புதுசில்ல. ஆனா இதைக் கலைக்காதீங்க ஐயா. இது என் கண்ணா இல்லாமப் போகட்டும். என் மனசு. என் வீட்டுக்காரரை எனக்கு இவ்வளவு பிடிக்கும்னு இது வந்துதான் எனக்கே சொல்லிக் கொடுத்தது."

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருத்தமாத்தான் இருக்கு. பார்வை வராத பிணைப்பு சட்டப்படி பிணைப்பே இல்லம்மா. உதவியாளரே, வாத்தைக் கொண்டாங்க. சாவி, சீப்பு, கையுறை, விசில், பொத்தான். அஞ்சுல ஒண்ணுகூட இவங்க சொல்லல. கலைக்கிற தாளை எடுங்க."

வாத்தைக் கொண்டுவந்து அவள் எதிரில் விட்டார்கள். கமிஷனர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான், குடையம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். பரிசோதகர் பேனாவைத் திறந்தார்.

அப்போது நடைகூடத்து ஏவலர் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார். "மன்னிக்கணும் ஐயா, வெளிய பெஞ்சுல இருக்கிற இந்தம்மாவோட வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே சாவி, சீப்பு, கையுறை, விசில், பொத்தான்னு வரிசையாச் சொன்னாரு, தோளைப் பிடிச்சு உலுக்கினாக்கூட அவருக்குக் காது கேக்கல, இப்ப என்னடான்னா 'ஐயோ, இவ எதுக்கு அழுறா'ன்னு எழுந்து சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறாரு!"